லேப் ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அசல்தானா? கிளெய்ம் மேசைக்குப் புதிதாக வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் பார்ப்பது லெட்டர்ஹெட், ரப்பர் ஸ்டாம்ப், கையெழுத்து. எளிதில் போலி செய்யக்கூடியவையும் இந்த மூன்றுதான். தெருமுனை ஜெராக்ஸ் கடையிலேயே இவற்றைச் செய்துவிடலாம். அதே சமயம், உண்மையாகவே சிகிச்சை தந்த சின்ன நர்சிங் ஹோமின் தாளில் ஸ்டாம்ப் மங்கியிருக்கும், பெயரில் எழுத்துப்பிழை இருக்கும், கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கும். தோற்றத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் நல்லவரை அலைக்கழித்துவிட்டு, சுத்தமாகச் செய்த போலியைத் தாண்ட விட்டுவிடுவீர்கள்.

ஒருவர் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் பல கைகள் பல இடங்களில் தாள்களை எழுதுகின்றன. லேப் டெக்னீஷியன், நைட் டியூட்டி நர்ஸ், பில்லிங் கவுண்டர், மருந்துக்கடை என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுகிறார்கள். அத்தனையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி பொய் எழுதுவது மிகக் கடினம். நாம் தேட வேண்டியது அந்தப் பொருத்தத்தைத்தான்.

இதை விளக்க டெங்கு கிளெய்ம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெங்கு கிளெய்ம்கள் குவியும். அவற்றில் பெரும்பாலான சர்ச்சை ஒரே எண்ணைச் சுற்றித்தான் நடக்கும்: ரத்தத் தட்டணு, அதாவது பிளேட்லெட் எண்ணிக்கை. கீழே வரும் கோப்பு பாடத்துக்காக அமைத்தது. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு சிக்கலும் மேசைக்கு வரக்கூடியதுதான்.

## மாதிரிக் கோப்பு

34 வயது ஆண். அக்டோபர் 11 முதல் காய்ச்சல். 14-ஆம் தேதி காலை உள்நோயாளியாகச் சேர்ந்து 18-ஆம் தேதி வீடு திரும்பியிருக்கிறார். பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் ரீஇம்பர்ஸ்மென்ட் கிளெய்ம். டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், என்.எஸ்.1 ஆன்டிஜன் பாசிட்டிவ் என்ற ரிப்போர்ட், மூன்று ரத்த அணுப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் உள்ளன. தட்டணு எண்ணிக்கை 14-ஆம் தேதி 1,42,000. 15-ஆம் தேதி 14,000. 17-ஆம் தேதி 1,28,000.

## படி 1: தேதிகளையும் நேரங்களையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கோப்பில் உள்ள தாள்களைப் புரட்டிக்கொண்டே மனதில் ஒப்பிடாதீர்கள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாள் என்று வைத்து, ஒவ்வொரு தாளிலும் உள்ள நிகழ்வை அதன் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். லேப் ரிப்போர்ட்டில் வழக்கமாக மூன்று நேரங்கள் இருக்கும்: ரத்தம் எடுத்தது, லேபுக்கு வந்தது, முடிவு வெளியானது. மூன்றையும் எழுதுங்கள். பில்லில் அந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் போட்ட தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்படி எழுதும்போதே சில கோளாறுகள் தானாக வெளியே வரும். கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளர்ந்து அடையாளம் காண வழக்கமாக இரண்டு நாளாவது ஆகும். காலையில் ரத்தம் எடுத்து அன்று மாலையே இறுதி கல்ச்சர் ரிப்போர்ட் என்றால் அங்கே நிறுத்துங்கள். அட்மிஷன் காலை 11 மணிக்கு, ஆனால் ரத்தம் எடுத்தது அன்று காலை 8 மணிக்கு என்றால் அதில் தப்பில்லை. வெளிநோயாளியாக வந்து ரத்தம் கொடுத்து, முடிவைப் பார்த்த பிறகு சேர்த்திருப்பார்கள். நேரம் முரண்படுவது போலத் தெரிந்தால், அந்த ஆஸ்பத்திரியில் நடைமுறை எப்படி என்று முதலில் யோசியுங்கள்.

நம் கோப்பை அப்படி எழுதிப் பார்த்தால் ஒரு வெற்றிடம் கண்ணில் படுகிறது. 15-ஆம் தேதி தட்டணு 14,000 என்று வந்த பிறகு, 16-ஆம் தேதி பரிசோதனையே இல்லை. பில்லிலும் இல்லை. இந்த அளவுக்கு இறங்கியவருக்கு அன்று மாலையோ மறுநாள் காலையோ மறுபடி ரத்தம் எடுக்காமல் எந்த டாக்டரும் விடமாட்டார். இது போலி என்பதற்கு ஆதாரம் அல்ல. எந்தத் தாளை உற்றுப் பார்க்க வேண்டும் என்று இது நமக்குச் சொல்லிவிட்டது.

## படி 2: ரிப்போர்ட்டுக்குள் இருக்கும் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

புதியவர்களுக்கு நான் மிகவும் அழுத்திச் சொல்வது இந்தப் படியைத்தான். ரத்த அணுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் உள்ள எண்கள் எல்லாம் தனித்தனி அளவீடுகள் அல்ல. இயந்திரம் சிலவற்றை அளக்கிறது, மற்றதை அவற்றிலிருந்து கணக்கிட்டுத் தருகிறது. ஆகவே ஒரு எண்ணை மாற்றுபவர் அதோடு சேர்ந்த மற்ற எண்களையும் மாற்ற வேண்டும். பெரும்பாலும் மாற்றுவதில்லை.

ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் எம்.சி.ஹெச். வரும். ஹீமோகுளோபின் 13.2, சிவப்பணு 4.60 என்றால் எம்.சி.ஹெச். 28.7. ரத்தம் ஏற்றியதாகக் காட்ட 13.2-ஐ 8.2 என்று ஒருவர் திருத்தினால், எம்.சி.ஹெச். 17.8 ஆக இறங்கியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் இன்னும் 28.7 என்றே இருந்தால் அந்த ரிப்போர்ட் தனக்குத்தானே முரண்படுகிறது. வெள்ளணு வகைகளின் சதவீதங்களைக் கூட்டினால் 100 வர வேண்டும். லிவர் பரிசோதனையில் மொத்த பிலிருபினிலிருந்து நேரடி பிலிருபினைக் கழித்தால் மறைமுக பிலிருபின் கிடைக்க வேண்டும். ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும்.

தட்டணுவுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பல ரிப்போர்ட்டுகளில் அடியில் எம்.பி.வி., பி.சி.டி. என்று இரண்டு வரிகள் இருக்கும். யாரும் கவனிக்காத வரிகள் இவை. எம்.பி.வி. என்பது ஒரு தட்டணுவின் சராசரிப் பருமன். பி.சி.டி. என்பது ரத்தத்தில் தட்டணுக்கள் அடைத்திருக்கும் பங்கு. தட்டணு எண்ணிக்கையை ஆயிரத்தில் எழுதி, எம்.பி.வி.யால் பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் பி.சி.டி. சதவீதத்தில் வரும்.

நம் கோப்பின் 15-ஆம் தேதி ரிப்போர்ட்டில் தட்டணு 14,000, எம்.பி.வி. 9.8, பி.சி.டி. 0.11. கணக்குப் போடுங்கள். 14-ஐ 9.8-ஆல் பெருக்கினால் 137.2, அதைப் 10,000-ஆல் வகுத்தால் 0.014. ரிப்போர்ட் சொல்வதோ 0.11, ஏறக்குறைய எட்டு மடங்கு. அப்படியானால் 0.11 வருவதற்குத் தட்டணு எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? 114 ஆயிரம் இருந்தால் சரியாக வருகிறது. 1,14,000 என்ற எண்ணில் முன்னால் உள்ள ஒன்றையும் காற்புள்ளியையும் அழித்தால் 14,000 ஆகிவிடும். 1,42,000-லிருந்து 1,14,000, பிறகு 1,28,000 என்பது மிதமான டெங்குவில் இயல்பாக நடக்கும் ஏற்ற இறக்கம்.

இங்கே உடனே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பி.சி.டி. பொருந்தாமல் போக நேர்மையான காரணமும் இருக்கலாம். ரத்தம் எடுக்கும் குப்பியில் உள்ள இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளால் சிலருக்குத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அவற்றைச் சரியாக எண்ணாமல் குறைத்துக் காட்டும். பேத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு எண்ணிக்கையைக் கையால் திருத்தி உயர்த்துவார். அப்போது பி.சி.டி. மட்டும் இயந்திரம் தந்த பழைய எண்ணாகவே நின்றுவிடும். ஆனால் அந்தத் திருத்தம் எண்ணிக்கையை மேலேதான் கொண்டுபோகும். நம் கோப்பில் நடந்திருப்பது நேர் எதிர். சிவப்பணுத் துண்டுகளை இயந்திரம் தட்டணு என்று எண்ணிவிட்டால் கையால் திருத்தும்போது எண்ணிக்கை கீழே வரலாம். அது அரிது, வந்தாலும் ரிப்போர்ட்டின் கீழே குறிப்பு இருக்கும். இங்கே குறிப்பு ஏதும் இல்லை. ஆகவே சந்தேகம் வலுக்கிறது, அவ்வளவுதான். தட்டணு மிகக் குறைவாக உள்ள அசல் ரிப்போர்ட்டில் இயந்திரம் எம்.பி.வி., பி.சி.டி. இரண்டையும் தராமல் கோடு போட்டு விட்டுவிடுவதும் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

## படி 3: நோய் தன் போக்கில் போகிறதா என்று பாருங்கள்

டெங்குவில் என்.எஸ்.1 ஆன்டிஜன் காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே தெரியும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் மறைந்துவிடும். ஐ.ஜி.எம். ஆன்டிபாடி ஐந்தாம் நாளையொட்டித்தான் பாசிட்டிவாகத் தொடங்கும். தட்டணு மிகவும் கீழே போவது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நேரத்தில், நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். நம் கோப்பில் நான்காம் நாளில் என்.எஸ்.1 பாசிட்டிவ். அது பொருந்துகிறது. ஐந்தாம் நாள் ஒரே இரவில் 1,42,000-லிருந்து 14,000-க்கு விழுந்து, தட்டணு ஏற்றாமலே இரண்டு நாளில் 1,28,000-க்கு ஏறுவது பொருந்தவில்லை. தட்டணு ஏற்றியிருந்தால் ரத்த வங்கியின் பை எண்ணும் கட்டண ரசீதும் இருக்கும். அவை இல்லை.

இந்தப் படியில் உங்கள் அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டாம் நாளிலேயே ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றால் போலி என்று குதிக்காதீர்கள். காய்ச்சல் தொடங்கிய நாளை நோயாளி தப்பாகச் சொல்லியிருக்கலாம். போன தொற்றின் ஐ.ஜி.எம். இரண்டு மூன்று மாதம் வரை நீடிக்கும். நோயின் போக்கில் சந்தேகம் வந்தால் அலுவலகத்தின் மருத்துவ அதிகாரியிடம் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

## படி 4: டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுங்கள்

சம்மரியில் முதலில் பார்க்க வேண்டியது அடையாள எண்கள். ஐ.பி. நம்பர் சம்மரியிலும் பில்லிலும் லேப் ரிப்போர்ட்டிலும் ஒன்றாக இருக்கிறதா? சிகிச்சை தந்த டாக்டரின் பதிவு எண் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் அதே பெயருக்கு வருகிறதா? ஆஸ்பத்திரிக்கு ரோகிணி எண் இருக்கிறதா? ரோகிணி என்பது இந்தியக் காப்பீட்டுத் தகவல் அமைப்பு நடத்தும் மருத்துவமனைப் பதிவேடு. லேப் ரிப்போர்ட்டில் என்.ஏ.பி.எல். முத்திரை இருந்தால் அந்தச் சான்றிதழ் எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் தேடி, ரிப்போர்ட் தேதியில் அது செல்லுபடியானதா என்று பாருங்கள். முத்திரை இல்லாவிட்டால் அது குறை அல்ல. அந்த அங்கீகாரம் கட்டாயமில்லை. எத்தனையோ நல்ல லேப்கள் அது இல்லாமல் இயங்குகின்றன.

இவை அரைமணி நேர வேலை. உண்மையில் அதிகம் பேசுவது கேஸ் ஷீட்தான். டாக்டர் குறிப்பு, நர்ஸ் சார்ட், மருந்து கொடுத்த பட்டியல், உள்ளே போன திரவம், வெளியே வந்த சிறுநீர் அளவு எல்லாம் அதில் இருக்கும். கிளெய்மோடு அது வராது. ஆஸ்பத்திரியிடம் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.

உண்மையான கேஸ் ஷீட் ஒழுங்கற்றது. மூன்று ஷிஃப்டுக்கு மூன்று கையெழுத்து, வெவ்வேறு பேனா, இரவு 2 மணிக்கு எழுதிய அவசரக் கோணல், காய்ச்சல் 102, பிறகு 99.4, மறுபடி 101. நான்கு நாளும் ஒரே கையெழுத்தில், ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் 120/80 என்றும் காய்ச்சல் 98.6 என்றும் எழுதியிருந்தால், அது நோயாளியின் பக்கத்தில் நின்று எழுதியது அல்ல. உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் எழுதியது.

நம் கோப்புக்குக் கேஸ் ஷீட் வரவழைத்தால் அதில் பரிசோதனை முடிவுகளைக் கையால் எழுதும் பக்கம் இருக்கிறது. 15-ஆம் தேதி காலைக் கட்டத்தில் தட்டணு 1.14 லட்சம். அன்று மாலை டாக்டர் குறிப்பில் நோயாளி சீராக இருக்கிறார், திரவம் தொடரவும் என்று உள்ளது. பதற்றமே இல்லை. 16-ஆம் தேதி ஏன் பரிசோதனை இல்லை என்பதற்கும் இதிலேயே விடை வந்துவிட்டது. தேவைப்படவில்லை.

## படி 5: பி.டி.எஃப்., கியூ.ஆர். கோடு

கோப்பாக வந்த ரிப்போர்ட் என்றால் கணினியில் இரண்டு கட்டளைகள் உதவும்.

```
pdfinfo report.pdf
pdffonts report.pdf
```

முதலாவது, கோப்பு உருவான தேதி, கடைசியாகத் திருத்திய தேதி, எந்த மென்பொருளில் உருவானது என்று காட்டும். `CreationDate` அக்டோபர் 15, `ModDate` நவம்பர், `Producer` ஒரு பி.டி.எஃப். எடிட்டர் என்று வந்தால் கேள்வி எழுப்பலாம். இரண்டாவது, கோப்பில் உள்ள எழுத்துருக்களின் பட்டியலைக் காட்டும்; எந்த எண் எந்த எழுத்துருவில் என்று சொல்லாது. பட்டியலில் எதிர்பாராத ஓர் எழுத்துரு இருந்து, தாளில் ஒரு எண் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்கேன் செய்தாலும் போனில் மறுபடி சேமித்தாலும் இந்த விவரங்கள் மாறிப்போகும். ஆகவே இதை வைத்து யாரையும் குற்றம் சாட்டக் கூடாது.

கியூ.ஆர். கோடைத் திறந்தால் முகவரிப் பட்டையில் உள்ள தளம் அந்த லேபின் சொந்தத் தளமா என்று பாருங்கள். யார் வேண்டுமானாலும் ஒரு கூகுள் டிரைவ் இணைப்புக்குக் கியூ.ஆர். செய்ய முடியும். சொந்தத் தளமாகவே இருந்தாலும், திறந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். திரையில் வரும் எண்ணைத் தாளில் உள்ள எண்ணோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். எண்ணைத் திருத்துபவர் பெரும்பாலும் கோடைத் தொடுவதில்லை.

## படி 6: வெளியிட்டவரிடம் கேளுங்கள்

இதுவரை செய்தது எல்லாம் சந்தேகத்தைக் கூர்மையாக்கும் வேலை. அது உண்மையா என்பதை லேப்தான் சொல்ல முடியும். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ரிப்போர்ட்டின் படத்தை அனுப்பி இது உங்களுடையதா என்று கேட்டால், கவுண்டரில் இருப்பவர் லெட்டர்ஹெட்டைப் பார்த்துவிட்டு ஆமாம் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. லெட்டர்ஹெட் அவர்களுடையதுதான்.

முடிவைக் காட்டாமல் கேளுங்கள். லேப் எண், நோயாளி பெயர், தேதி மூன்றை மட்டும் கொடுத்து, அந்தப் பரிசோதனையின் முழு முடிவையும் உங்கள் பதிவிலிருந்து புதிதாக எடுத்து அனுப்புங்கள் என்று எழுதுங்கள். தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சந்தேகத்துக்குரிய தாளிலிருந்து எடுக்காதீர்கள். ரோகிணி பதிவேடு, லேபின் சொந்தத் தளம், உங்கள் அலுவலகத்தின் பழைய கோப்புகள், இவற்றிலிருந்து எடுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும், அனுப்பியவரின் பெயரும் பதவியும் அதில் இருக்க வேண்டும்.

நோயாளியின் மருத்துவ விவரத்தைக் கேட்க உங்களுக்கு அனுமதி தருவது கிளெய்ம் படிவத்தில் அவர் கையெழுத்திட்ட உறுதிமொழி. அந்தக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். கேட்பதும் இந்தக் கிளெய்முக்குத் தேவையான அளவோடு நிற்கட்டும். அவர் வேலை செய்யும் இடத்திலோ பக்கத்து வீட்டிலோ நோயைப் பற்றிப் பேசக் கூடாது.

நம் கோப்பில் லேப் அனுப்பிய நகலில் 15-ஆம் தேதி தட்டணு 1,14,000. எம்.பி.வி. 9.8, பி.சி.டி. 0.11 இரண்டும் அப்படியே.

ஆஸ்பத்திரியே உடந்தை என்றால் இந்தப் படி பலிக்காது. கேட்டால் எல்லாம் சரி என்றே எழுதித் தருவார்கள், கேஸ் ஷீட்டும் தயாராக இருக்கும். அப்போது அந்தச் சுவருக்கு வெளியே உருவான தாள்களைத் தேட வேண்டும்: வெளி லேபின் பதிவு, மருந்தின் பேட்ச் எண்ணும் அது கடைக்கு வந்த தேதியும், அந்த நாட்களில் நோயாளி வேறு இடத்தில் இருந்ததற்கான தடயம். அது கள விசாரணை அதிகாரியின் வேலை. நீங்கள் அதை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

## படி 7: பிழையையும் திருத்தலையும் பிரித்து எழுதுங்கள்

வயது 34 என்பது ஒரு தாளில் 43 ஆகியிருக்கலாம். ஆண் நோயாளிக்குப் பெண்களுக்கான நார்மல் அளவு அச்சாகியிருக்கலாம். முந்தைய நோயாளியின் சம்மரியைத் திறந்து அதன் மேலேயே தட்டச்சு செய்யும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதனால் வேறொருவரின் ஒரு வரி உள்ளே தங்கிவிடும். இவற்றுக்கு ஆஸ்பத்திரியிடமிருந்து திருத்தக் கடிதம் வாங்கினால் போதும். நான் இவற்றைப் பிரித்துப் பார்க்கும் வழி இது: அந்தப் பிழையால் பணம் கூடுகிறதா, அல்லது மறுக்கப்படக்கூடிய கிளெய்ம் தரக்கூடியதாக மாறுகிறதா? இரண்டும் இல்லையென்றால் அது பெரும்பாலும் தட்டச்சுப் பிழைதான்.

நம் கோப்பில் உள்ளது அப்படிப்பட்டது அல்ல. இதில் என்னை வருத்தும் விஷயம், காய்ச்சல் உண்மை, டெங்கு உண்மை, நான்கு நாள் படுக்கையும் உண்மை. அந்த எண்ணைத் தொடாமல் விட்டிருந்தால் கிளெய்ம் அதன் தகுதியில் பரிசீலிக்கப்பட்டிருக்கும். இப்போது பாலிசியின் மோசடி விதி உள்ளே வந்துவிட்டது. திருத்தியது நோயாளியா, உறவினரா, கிளெய்ம் வாங்கித் தருகிறேன் என்று தாள்களை வாங்கிப்போன இடைத்தரகரா என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே குறிப்பில் போலி, மோசடி என்ற சொற்களை எழுதாதீர்கள். நோயாளியின் விளக்கத்தை எழுத்தில் கேளுங்கள். மறுக்கும் முடிவும் உங்களுடையது அல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி, நிறுவனத்தின் தயாரிப்பு மேலாண்மைக் குழுவோ அதன் கிளெய்ம் மறுஆய்வுக் குழுவோ ஒப்புக்கொள்ளாமல் எந்த மருத்துவக் கிளெய்மையும் நிராகரிக்க முடியாது. பாலிசிதாரர் பிறகு காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போனால் அங்கே படிக்கப்படுவதும் உங்கள் குறிப்புதான்.

நம் கோப்புக்கு அந்தக் குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

"15.10 தேதியிட்ட ரத்த அணு ரிப்போர்ட்டில் தட்டணு 14,000 என உள்ளது. அதே ரிப்போர்ட்டின் எம்.பி.வி. 9.8, பி.சி.டி. 0.11 ஆகியவற்றோடு இது பொருந்தவில்லை. கேஸ் ஷீட்டில் அதே நேரத்துக்கு 1.14 லட்சம் எனக் கையால் எழுதப்பட்டுள்ளது. லேப் தன் பதிவிலிருந்து நேரடியாக அனுப்பிய நகலில் 1,14,000 என உள்ளது, நகலும் மின்னஞ்சலும் இணைப்பில். ரிப்போர்ட்டில் திருத்தக் குறிப்பு இல்லை. அட்மிஷன், என்.எஸ்.1 முடிவு, 14 மற்றும் 17 தேதிகளின் ரிப்போர்ட்டுகள், பில்கள் ஆகியவற்றில் முரண் காணப்படவில்லை. பாலிசிதாரரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பப்பட்டுள்ளது. பதில் வந்தபின் மருத்துவ அதிகாரியின் கருத்தோடு மறுஆய்வுக் குழுவுக்கு அனுப்பப்படும்."